அப்பாவை ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததால் ஒரு முக்கியமான மீட்டிங்குக்குப் போக முடியவில்லை. 'நெட் போயிடுச்சு' என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். டீம் குரூப்பில், 'யாராவது நோட்ஸ், ரெக்கார்டிங் இருந்தா அனுப்புங்க' என்று போட்டேன். 12 பேரில் ஒருவர்கூடப் பதில் தரவில்லை. மறுபடி கேட்டால் தொந்தரவு என்று நினைப்பார்களா?

பதில்: அறுவை சிகிச்சைக்குத் தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும். அப்புறம் எதற்கு நெட்டின் மேல் பழி? பெற்றவரைக் கைப்பிடித்து அழைத்துப் போவது பிள்ளையின் கடமை. அதை ஒரு குற்றம்போல மறைத்தது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அந்தப் பொய்யால் வேலையும் கெட்டது. தானாகப் பதிவாகும்படி அமைத்திருந்தால் தவிர, மீட்டிங்கில் இருக்கும் யாராவது பட்டனை அழுத்தினால்தான் ரெக்கார்டிங் என்ற ஒன்றே இருக்கும். முடிந்த பிறகு கேட்டு வரவழைக்க முடியாது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவர் அழுத்தியிருப்பார். நெட் போய்விட்டது என்றால், பாதி கேட்டிருப்பீர்கள் என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்?

'யாராவது' என்று கேட்டால் 12 பேரும் மற்ற 11 பேரைப் பார்ப்பார்கள். உங்கள் வேலையோடு நெருக்கமான வேலை செய்யும் ஒருவருக்குத் தனியாக எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் வரவில்லை. நெட் என்று சொன்னது தப்பு, மன்னியுங்கள். ரெக்கார்டிங் இருந்தால் லிங்க் அனுப்ப முடியுமா? இல்லையென்றால் நீங்கள் குறித்து வைத்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். பார்த்துவிட்டு வருகிறேன். நாளை மதியம் 3 மணிக்கு 10 நிமிடம் பேசலாமா?"

லிங்க் வந்த உடனே திறந்து பாருங்கள். அனுமதி இல்லை என்று காட்டினால் அப்போதே சொல்லுங்கள். சில நிறுவனங்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு ரெக்கார்டிங் தானாக அழிந்துவிடும். ஒரு மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. எழுத்து வடிவம் இருந்தால் அதில் உங்கள் பெயரைத் தேடி, அந்த இடங்களுக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் கேளுங்கள். பெயர் தப்பாகவும் பதிவாகியிருக்கலாம், அதனால் உங்கள் வேலையின் பெயரையும் தேடுங்கள்.

அந்த 10 நிமிடத்தில் 'என்ன நடந்தது?' என்று தொடங்காதீர்கள். அவர் கதை சொல்லியே நேரம் போய்விடும். என்ன முடிவானது, என் தலையில் விழுந்த வேலை எது, எந்தத் தேதிக்குள், இந்த மூன்றையும் கேளுங்கள். ரெக்கார்டிங்கில் பிடிபடாததையும் அப்போதே கேளுங்கள்: மேலாளர் 'பார்க்கலாம்' என்றது சம்மதமா, தட்டிக்கழித்தலா? அது அங்கே இருந்தவருக்குத்தான் தெரியும். பேசி முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதை மூன்று வரியில் அவருக்கே எழுதி அனுப்புங்கள். தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்திவிடுவார்.

அப்பாவைத் திரும்பவும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தேதியை இன்றே ஆபீஸ் காலண்டரில் போடுங்கள். 'அப்பாவுடன் மருத்துவமனை' என்றே எழுதுங்கள்.