ஆரம்பித்த ரிஃப்பிலேயே முடிப்பது எப்படி?

கேள்வி: நண்பர்களோடு சொந்தமாக ஒரு பாட்டு போட்டிருக்கிறோம். ஈ மைனர், டெம்போ 96. ஆரம்பத்தில் கிட்டாரில் நான்கு பார் ரிஃப் வருகிறது. கடைசியிலும் அதையே வாசிக்கிறோம். ஆனால் பாட்டு முடிந்த மாதிரியே இல்லை. இன்னொரு சரணம் வருமென்று கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள். நோட்ஸ் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், குடியாத்தம்

தம்பி, நோட்ஸை வாசித்துப் பார்த்தேன். ரிஃப் அருமை, கோளாறு நாலாவது பாரில்தான். முதல் மூன்று பாரில் ஈ மைனர், சி, டி என்று போகிறீர்கள். நாலாவதில் பி செவன் கார்டு. அதன்மேல் பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப் என்று பீட்டுக்கு ஒரு ஸ்வரமாக இறங்கி அந்தரத்தில் நிற்கிறது. அந்த எஃப் ஷார்ப் காதில் 'அப்புறம்?' என்று கேட்கும். பல்லவி வந்து ஈ-யில் உட்கார்ந்ததும் பதில் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் இதுதான் வேண்டும். கடைசியிலும் அதே கேள்வியோடு விட்டால் ஜனங்கள் காத்திருக்கத்தானே செய்வார்கள்?

முடிவில் முதல் இரண்டு பாரைத் தொடவே வேண்டாம். மூன்றாவது பாரை இரண்டாகப் பிரியுங்கள்: முதல் இரண்டு பீட்டுக்கு டி, அடுத்த இரண்டுக்கு பி செவன். இறங்கும் நாலு ஸ்வரத்தையும் அரை பீட் அரை பீட்டாக அந்தப் பின்பாதியில் அடக்கிவிடுங்கள். நாலாவது பாரின் முதல் பீட்டில் ஈ மைனர் விழட்டும், ஈ ஸ்வரத்தை பார் முழுக்கப் பிடித்து நிறுத்துங்கள். நீளம் அதே பத்து செகண்ட்தான், முகமும் அதேதான். வேகத்தைக் குறைப்பதானால் அந்த பி செவன் இரண்டு பீட்டில் மட்டும். முன்னாலேயே இழுத்தால் ரிஃப்பின் அடையாளம் போய்விடும்.

பாடகர் கடைசி வார்த்தையை நீட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நீட்டும்போதே கிட்டார் ஆரம்பித்தால் முதல் பார் குரலுக்கு அடியில் போய்விடும், ரிஃப் திரும்பி வந்ததையே யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் நிறுத்தட்டும். டிரம்ஸ் மட்டும் ஒரு பார் ஓடட்டும், பிறகு கிட்டார்.

அப்புறம், இரண்டு சரணத்துக்கு முன்னாலும் இதே ரிஃப்பை முழுசாக வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு வேறு இன்டர்லூட் போடுங்கள். மூன்று தடவை அது வந்ததும் சரணம் வந்திருக்கிறது அல்லது பல்லவி வந்திருக்கிறது. நாலாவது தடவையும் காது அதைத்தான் எதிர்பார்க்கும்.

கெங்கையம்மன் திருவிழா மேடையில் கடைசிப் பல்லவியை அரை ஸ்வரம் ஏற்றிப் பாடப்போவதாகச் சொல்கிறீர்கள். சரி, அப்படியானால் ரிஃப்பும் எஃப் மைனருக்கு ஏற வேண்டும். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் போதும். ஆனால் உங்கள் ரிஃப் கிட்டாரின் திறந்த தந்திகளில் அமைந்தது, ஒரு ஃப்ரெட் தள்ளினால் அந்த விரல் வைப்பு அப்படியே வராது. கிட்டார் தம்பி எஃப் மைனரில் தனியாகப் பழகிக்கொள்ளட்டும். நேரம் இல்லையென்றால் ஸ்கேலை ஏற்றாமலே பாடிவிடுங்கள்.