ஈருறுப்பு விரிவில் ஓர் உறுப்பு: புள்ளி எங்கே போகிறது? (கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கணக்கைப் பற்றியவை. (2x − 3/x²)⁹ இன் விரிவு. அண்மைய பரீட்சை ஒன்றில் வந்ததாம். அதனால் நானும் பெரும்பாலும் அதையே வைத்துப் பதில் சொல்கிறேன்.

நாலாம் உறுப்பு கேட்டால் r = 4 தானே சேர்? (மாணவி, உவர்மலை)

இல்லை, r = 3. பொது உறுப்பை Tᵣ₊₁ என்று எழுதுவதே அதற்காகத்தான். முதல் உறுப்புக்கு r = 0.

சாராத உறுப்பு எனக்கு −4536 வருகிறது. புத்தகத்தில் −145152. புத்தகம் பிழையா? (மாணவன், சாம்பல்தீவு)

செய்த வழியை அனுப்பாமல் விடையை மட்டும் அனுப்பிவிட்டுப் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது, தம்பி. நல்லகாலம், உம்முடைய பிழை விடையிலேயே தெரிகிறது. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பாரும். 32 வரும். அது 2⁵. அதாவது உம்முடைய விடையில் ஐந்து 2 காணாமல் போயிருக்கிறது. r = 3 இல் வர வேண்டியது 84 × (2x)⁶ × (−3/x²)³. நீர் (2x)⁶ ஐ 2x⁶ என்று எழுதி, வலுவை x இன் தலையில் மட்டும் வைத்துவிட்டீர். 64 வர வேண்டிய இடத்தில் 2 வந்தது.

தாள் திருத்துகிறவர்களுக்கும் இது உதவும். பிழை விடையையும் சரி விடையையும் வகுத்துப் பாருங்கள். −1 வந்தால் குறி மட்டும் பிழை. இந்தக் கணக்கில் 9 வந்தால் 3 இற்கு வலு போடவில்லை. பக்கம் முழுவதையும் தேடாமலே பிழை இருக்கும் வரிக்குப் போய்விடலாம்.

அடைப்பைப் போடுங்கள்.

என் விடை சரி. x³ இன் குணகம் 41472. ஆனாலும் ஆசிரியர் 5 புள்ளி வெட்டிவிட்டார். நியாயமா? (மாணவன், நிலாவெளி. விடைத்தாளின் படமும் அனுப்பியிருக்கிறார்.)

நியாயம். நானும் வெட்டியிருப்பேன். இதைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

படத்தில் உம்முடைய முதல் வரி இது:

Tᵣ₊₁ = ⁹Cᵣ 2x⁹⁻ʳ − 3ʳ/x²ʳ

ஒரு அடைப்புக் கூட இல்லை. நடுவில் நிற்கும் மறைக்குறி பெருக்கலில் வரும் −3 உடையதா, இல்லை கழித்தலா? நீர் மனதில் வைத்திருந்தது பெருக்கல். தாளில் இருப்பது கழித்தல். நான் திருத்துவது தாளை. இதே வரியை எழுதிய இன்னொரு பிள்ளை, தான் எழுதியதைத் தானே நம்பி, அடுத்த வரியில் 72x⁷ − 9/x⁴ என்று போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சரி, கழித்தல் இல்லை, பெருக்கல்தான் என்று எடுத்துக்கொண்டாலும் வரி தேறாது. r = 2 போட்டால் −3² என்பது −9. (−3)² தான் 9. எழுதியபடியே பெருக்கினால் 36 × 2 × (−9) = −648 வரும். உம்முடைய 41472 அந்த வரியிலிருந்து வரவே வராது.

சரி, எப்படிப் புள்ளியிடுவது? பகுதி A வினா என்றால் 25 புள்ளி, ஐந்து ஐந்தாகப் பிரியும். நான் இப்படிப் பிரிப்பேன். பொது உறுப்புக்கு 5. வலுவைச் சமப்படுத்திய 9 − 3r = 3 இற்கு 5. r = 2 இற்கு 5. பிரதியிட்ட வரிக்கு 5. விடைக்கு 5. உம்முடைய தாளில் பொது உறுப்பு பிழை, அந்த 5 போகும். அடைப்பு இல்லாவிட்டாலும் x இன் வலு 9 − 3r என்று சரியாகவே வந்தது, ஆகவே அடுத்த இரண்டு ஐந்தும் உமக்குத்தான். பிரதியிட்ட வரியில் 36 × 2⁷ × 9 என்று தெளிவாக எழுதியிருக்கிறீர், அதற்கும் விடைக்கும் புள்ளி உண்டு. மொத்தம் 20. உமக்குக் கிடைத்ததும் அதுதானே?

−648 என்று முடித்த பிள்ளைக்கு 15 கொடுப்பேன். பொது உறுப்பும் விடையும் போகும். தன் வரியில் ஒழுங்காகப் பிரதியிட்டதற்கான 5 இருக்கும்.

“விடை சரி, முழுப் புள்ளி” என்று கோடு இழுத்துவிடும் ஆசிரியர்களிடம்தான் எனக்கு மனக்குறை. இன்றைக்கு r = 2. இரட்டை எண் என்பதால் குறி தானாகவே சரியாகிவிட்டது. நாளைக்கு வேறு கணக்கில் அந்த அதிர்ஷ்டம் இருக்காது, பிள்ளையும் தன் வழி சரி என்றே நினைத்துக்கொண்டு போகும்.

இன்னொன்று. நீர் எழுதியிருப்பது சி.ஆர். கொப்பித் தாளில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் வரியில் ஒரு மறைக்குறி கொப்பியின் நீலக் கோட்டின் மேலேயே விழுந்து மறைந்துவிட்டது. கோட்டுக்கு நடுவில் எழுதும், குறியைக் கொஞ்சம் நீட்டிப் போடும். திருத்துகிறவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இருப்பதில்லை.

குணகம் கேட்டால் 41472x³ என்று எழுதலாமா? (மாணவி, மூதூர்)

அது உறுப்பு. குணகம் 41472 மட்டும். கேள்வியை வாசியுங்கள்.

(1 + x)(1 − 2x)⁶ இல் x³ இன் குணகம். ஒரு மாணவன் (1 − 2x)⁶ இன் x³ உறுப்பில் குறியை விட்டுவிட்டு 160 + 60 = 220 என்று முடித்திருக்கிறான். எவ்வளவு கொடுக்கலாம்? (ஆசிரியர், கிண்ணியா)

சரியான விடை −160 + 60 = −100. பையனின் யோசனையில் பிழை இல்லை. x³ இரண்டு வழியில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது: 1 × x³ உறுப்பு, x × x² உறுப்பு. முறைப் புள்ளியும், 60 இற்கான புள்ளியும், கூட்டியதற்கான புள்ளியும் கொடுங்கள். 160 இற்கும் இறுதி விடைக்கும் இல்லை. ஒரே குறிப் பிழைக்கு ஒவ்வொரு வரியிலும் தண்டிக்க வேண்டாம்.

மாறாக −160 என்று மட்டும் எழுதி நிறுத்திய பிள்ளை இருந்தால், அங்கே குறி சரி, ஆனால் முறை இல்லை. அதற்குக் குறைவாகத்தான் கிடைக்க வேண்டும். பல தாள்களில் இது தலைகீழாக நடக்கிறது.

மகள் (2 − 3x)⁴ ஐ முழுதாக விரித்து எழுதுகிறாள். எனக்குக் கணிதம் அவ்வளவாக வராது. சரியா என்று பார்க்க வழி உண்டா? (தாய், உப்புவெளி)

உண்டு அம்மா. சரியான விரிவு 16 − 96x + 216x² − 216x³ + 81x⁴. x = 1 போட்டால் இடப்பக்கம் (−1)⁴ = 1. வலப்பக்கக் குணகங்களைக் குறியோடு கூட்டினாலும் 1 வர வேண்டும். அப்புறம் x = −1 போடுங்கள். இடப்பக்கம் 5⁴ = 625, வலப்பக்கத்தில் எல்லாம் நேராகிக் கூடி 625 வரும். குறிப் பிழையோ பெருக்கல் பிழையோ இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே அகப்படும்.

ஆனால் 16 ஐயும் 81 ஐயும் இடம் மாற்றி எழுதியிருந்தால் இரண்டு சோதனையும் சரி என்றே சொல்லும். அதற்கு x = 0 போட்டு, முதல் எண் 2⁴ தானா என்று பாருங்கள்.

அதே ஒன்பதாம் வலுக் கணக்கில் x² இன் குணகத்துக்கு r = 7/3 வருகிறது. 2 என்று எடுக்கலாமா? (பெயர், ஊர் எழுதவில்லை)

கூடாது. r முழுவெண். வராவிட்டால் அந்த உறுப்பே இல்லை, குணகம் 0. அடுத்த முறை ஊரையாவது எழுதும்.