அப்பாவின் படங்களுக்கு என்ன பேசுவது?

வணக்கம் சார்,

அடுத்த மாதம் அப்பாவின் முதலாண்டு நினைவு நாள். மண்டபத்தில் படங்களை ஓடவிட்டுப் பின்னணியில் நான் பேசுவதாக ஏற்பாடு. 80 படங்கள் சேர்ந்திருக்கின்றன. "1951-ல் பிறந்தார், 1974-ல் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்தார், 2009-ல் ஓய்வு பெற்றார்" என்று எழுதிப் பார்த்தேன், வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருக்கிறது. மழை வந்தால் அப்பா வீட்டிலேயே இருக்க மாட்டார், அப்படிப்பட்ட மனுஷனை இப்படியா சொல்வது? எப்படி எழுதலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் வரி கடிதத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. "மழை வந்தால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார்." இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். முதல் திரையில் பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் எழுத்தில் போட்டுவிடுங்கள், பார்க்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள், அந்த வேலை உங்கள் குரலுக்கு இல்லை. பிறகு நீங்கள் எழுதியதில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். பிறந்தார், சேர்ந்தார், ஓய்வு பெற்றார். எல்லாம் ஒரே ஒரு தடவை நடந்து முடிந்தவை, யாருடைய அப்பாவுக்கும் பொருந்துபவை. நம் மொழியில் வழக்கத்தைச் சொல்ல வேறொரு வடிவம் இருக்கிறது, "செய்வார்", "போவார்", "இருக்க மாட்டார்". செத்துப்போனவரைப் பற்றிக்கூட வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? அந்த வினையில் எழுதினால் உங்கள் அப்பா மட்டும் செய்கிற காரியம் தானாக வந்து விழும்.

இப்போது படத்துக்கு வருவோம். அவர் காக்கிச் சட்டையில் நிற்கிற படம் ஒன்றாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். "இது அப்பா வேலையில் இருந்தபோது எடுத்தது" என்று சொல்லாதீர்கள், அது கண்ணுக்கே தெரிகிறது. படத்தில் இல்லாததைச் சொல்லுங்கள். இப்படி: "மழை வந்தால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். தட்டை மூடி வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருவில் விளக்கு எரிந்தால் அவர் கம்பத்திலிருந்து இறங்கிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும்." தட்டும் டார்ச்சும் என் ஊகம்தான், உண்மையில் என்ன நடக்குமோ அதைப் போடுங்கள்.

என் பெரியம்மாவுக்கு இதே வேலையைச் செய்து சொதப்பியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி, மொத்தம் பன்னிரண்டு நிமிடம். கூட்டுப்படம் வந்தால் போதும், "அது யாரு, நம்ம சின்னவனா?" என்று மண்டபமே பேச ஆரம்பித்துவிடும், என் குரல் எங்கே கேட்கும்? ஆகவே கூட்டுப்படங்களில் வாயைத் திறக்காதீர்கள், பேச விடுங்கள், அதற்குத்தானே வந்திருக்கிறார்கள். அன்று சனம் திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு வரிக்கு. பூக்கார அம்மா சொன்னது அது: "மீதிச் சில்லறையை வாங்கவே மாட்டாங்க, ஆனா நான் சரியா எண்ணினேனான்னு பார்ப்பாங்க." வீட்டில் கேட்டபோது எல்லோரும் "அன்பானவர்" என்று முடித்துக்கொண்டார்கள். உங்கள் அப்பாவோடு கம்பம் ஏறியவர் யாராவது இருந்தால் தனியாகப் போய்க் கேளுங்கள், அவர் எப்படி என்று கேட்காமல் எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 80 படம் வேண்டாம், 50 போதும். படத்துக்கு 6 விநாடி என்றால் 5 நிமிடம். நிதானமாகத் தமிழ் படித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் வரும், அதிலும் பாதி நேரம்தான் பேச வேண்டும், ஆக உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 சொல். ஐந்தாறு இடங்களில் மும்மூன்று வாக்கியம், நடுவே படங்கள் சும்மா ஓடட்டும். படம் மாறியவுடனே பேசாமல் இரண்டு விநாடி பொறுங்கள், கண் முதலில் முகத்தைத் தேடும், அது முடியாமல் காது திறக்காது. பாட்டு வரிகளோடு பின்னணி வேண்டாம், இரண்டு குரல் மோதும். மெல்லிய புல்லாங்குழல் போதும்.

மேடையில் நேரடியாகப் படிக்கவும் வேண்டாம். மூன்றாவது வரியில் தொண்டை அடைத்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் ஃபேனை அணைத்துவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரிப் படங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசிப் படத்துக்குப் பேச்சே வேண்டாம், பத்து விநாடி நிற்கட்டும்.

அப்புறம், நினைவு நாளுக்கு ஒரு வாரம் முன்பே அம்மாவுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். அத்தனை பேர் நடுவில் அவர் முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. திருத்தமும் சொல்வார், "டார்ச் எங்கேடி இருந்தது, அரிக்கேன் விளக்குதான்" என்பார். அப்படியே அந்தத் தட்டைப் பற்றியும் கேளுங்கள், மூடி வைத்த சோறு எத்தனை மணிக்குக் காலியாகும் என்று.

அன்புடன்