செம்புக் குழாய் பிரேசிங்: கேள்வி பதில்

கேள்வி: 3/8 அங்குல ஏசி லைன். 45 சதவீத வெள்ளி ராடு. உருகி மேலேயே உருண்டையா நிக்குது, உள்ளே இறங்கலை. ஃபிளக்ஸ் நிறையத்தான் பூசினேன்.

பதில்: ராடைத் தீயில் உருக்கியிருக்கிறீர்கள். அதை உருக்க வேண்டியது குழாயின் சூடு.

முதலில் பொருத்தத்தைப் பாருங்கள். முனையை விரித்து ஸ்வேஜ் செய்த வாய்க்குள் மற்றக் குழாய் ஆடாமல் நுழைய வேண்டும். சுற்றிலும் 0.05 முதல் 0.13 மி.மீ. இடைவெளி போதும். அதைவிட அகன்றால் உருகிய உலோகத்தை உள்ளே இழுக்கும் விசை போய்விடும். குழாயின் விட்டம் அளவுக்கு, அதாவது சுமார் 9.5 மி.மீ., உள்ளே போகட்டும். பிசிறை எடுத்து, இரண்டு பரப்பையும் எமரித் தாளால் பளபளப்பாகத் தேயுங்கள். அதன்பின் கைவிரல் படக்கூடாது.

ஃபிளக்ஸை நுழையும் குழாயில் மட்டும் மெல்லப் பூசி, நுனியில் 3 மி.மீ. விட்டுவிடுங்கள். நிறையப் பூசினால் லைனுக்குள் போய்விடும். நுழைத்த பிறகு ஒரு திருப்பு திருப்பினால் சீராகப் பரவும்.

இனி நுழையும் குழாயை முதலில் சூடாக்கி, பிறகு வாய்ப்பகுதிக்குத் தீயை நகர்த்துங்கள். ஃபிளக்ஸ் வெள்ளையாகப் பொங்கும், பால்போல் படியும், சுமார் 600 டிகிரியில் தண்ணீர்போல் தெளியும். தெளிந்த பிறகும் சற்றுச் சூடேற்றி ராடை விளிம்பில் தொடுங்கள். தொட்டதும் ஓடாவிட்டால் ராடை எடுத்துவிட்டு இன்னும் சூடாக்குங்கள். தீ வாயின் அடிப்பக்கத்தில் இருக்கட்டும், உலோகம் சூட்டை நோக்கி ஓடும்.

கேள்வி: செம்புக்குச் செம்புன்னா ஃபிளக்ஸே தேவையில்லையே?

பதில்: பாஸ்பரஸ் கலந்த ராடுக்கு அது சரி, பாஸ்பரஸே அந்த வேலையைச் செய்கிறது. மேலே கேட்டவரின் வெள்ளி ராடில் பாஸ்பரஸ் கிடையாது. ஒரு பக்கம் பித்தளை வந்தால் எந்த ராடானாலும் ஃபிளக்ஸ் வேண்டும்.

கேள்வி: என் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் பைப்பை பாஸ்பரஸ் ராடால் ஒட்டினாங்க. பத்து நாளில் கேஸ் போச்சு. குழாய் மட்டமா?

பதில்: காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. இரும்போடு பாஸ்பரஸ் சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும், கம்ப்ரசர் அதிர்வில் விரிசல் விடும். அங்கே வெள்ளி ராடும் ஃபிளக்ஸும்தான் சரி.

காந்தம் ஒட்டாவிட்டால், ராடு இறங்காத இடத்தை ஃபிளக்ஸ் கண்ணாடிபோல் அடைத்திருந்து, பின்னர் விட்டிருக்கலாம். அதனால்தான் வெந்நீரில் கழுவிய பிறகே கசிவு பார்க்க வேண்டும். அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டும், ஆக்சிஜன் ஒருபோதும் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கேள்வி: ஃபிளக்ஸ் போட்டாச்சே, ஒட்டும்போது குழாய்க்குள்ளே நைட்ரஜன் விடறது எதுக்கு?

பதில்: ஃபிளக்ஸ் பூசிய இடத்தை மட்டுமே காக்கும். நைட்ரஜன் இல்லாவிட்டால் மற்ற உள்சுவர் கறுத்து, செதிலாக உதிர்ந்து, கேப்பிலரி என்ற மெல்லிய குழாயை அடைக்கும். மறுமுனையைத் திறந்து வைத்து, கையில் மெல்லிய காற்றாக உணரும் அளவு விடுங்கள். மறுமுனை மூடியிருந்தால் அழுத்தம் ஏறி, உருகிய உலோகத்தில் ஊசித்துளை போடும்.

கேள்வி: உடனே ஈரத்துணி போடலாமா?

பதில்: உலோகம் உறையும்வரை தொடாதீர்கள், குழாயும் அசையக்கூடாது. உறைந்தபின் துணி பட்டால் ஃபிளக்ஸ் ஓடு பொரிந்து எளிதில் உதிரும் என்பதால் நான் அதைத்தான் சொல்வேன். தானாக ஆறட்டும் என்று விடுகிற நல்ல மெக்கானிக்குகளும் உண்டு, பித்தளை வால்வு பக்கத்தில் அவர்கள் வழியே எனக்கும் பிடிக்கும்.