லாக்-மெல் சந்தேகங்கள்: இந்த மாதக் கடிதங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மாடலுக்குள் போகிற ஒலியும் நாம் போட்டதாக நினைக்கிற ஒலியும் ஒன்றுதானா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்கான பதில் நடுவில் நீளமாக இருக்கிறது. மற்றவற்றை முடிந்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன்.

எம்.எஃப்.சி.சி. எடுப்பதா, லாக்-மெல் எடுப்பதா? பழைய பாடப்புத்தகம் ஒன்று சொல்கிறது, புதிய மாடல்கள் இன்னொன்று செய்கின்றன.

லாக்-மெல் எடுங்கள். ஒலியைச் சின்ன நேரத்துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்பதை மெல் அளவுகோலில் கூட்டி லாக் எடுத்த எண்கள்தான் அது. அதன்மேல் ஒரு கொசைன் உருமாற்றம் போட்டு, முதல் 13 எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அதுதான் எம்.எஃப்.சி.சி. பழைய காஸியன் கலவை மாடல்களில் கணக்கு எளிதாக வேண்டுமென்றால், எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும். அதற்காகச் செய்த வேலை அது. நியூரல் நெட்வொர்க்குக்கு அந்தத் தேவை இல்லை. நீங்கள் தூக்கி எறியும் விவரத்திலும் அது ஏதாவது கற்றுக்கொள்ளும்.

எல்லோரும் 25 மில்லிசெகண்ட் ஜன்னல், 10 மில்லிசெகண்ட் ஹாப் என்கிறார்கள். ஜன்னலை 100 ஆக்கினால் அதிர்வெண் இன்னும் துல்லியமாகக் கிடைக்குமே?

கிடைக்கும். ஆனால் நேரம் குழம்பிவிடும். 16 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிசெகண்ட் என்றால் 400 சாம்பிள். அதை அப்படியே எஃப்.எஃப்.டி.க்குக் கொடுத்தால் 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். 100 மில்லிசெகண்ட் என்றால் 10 ஹெர்ட்ஸுக்கு ஒன்று. காகிதத்தில் நாலு மடங்கு லாபம்தான்.

இப்போது 'படு', 'பட்டு' என்ற இரண்டையும் உங்கள் குரலிலேயே பதிவுசெய்து ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பாருங்கள். 'பட்டு'வில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் நேரம் முழுவதும் படத்தில் கறுப்பாக ஒரு வெற்றிடம் தெரியும். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம் என்பதால், நிதானமாகச் சொன்னால் பத்துப் பதினைந்து பிரேம் வரும். 'படு'வில் நாக்கு தட்டிவிட்டு உடனே விலகிவிடும், ஒருசில பிரேம்தான். இரண்டு சொல்லையும் பிரித்துக்காட்டும் முக்கியமான அடையாளம் அந்த இடைவெளியின் நீளம். 100 மில்லிசெகண்ட் ஜன்னலில் 'படு'வின் அந்தச் சின்ன இடைவெளி இரு பக்கத்து உயிரெழுத்துகளோடும் கலந்து கரைந்துபோகும். 'பட்டு'வின் ஓரங்களும் மழுங்கிவிடும். ஒற்றையும் இரட்டையும் பொருளையே மாற்றும் மொழியை வைத்துக்கொண்டு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 25-ஐயும் 10-ஐயும் தொட வேண்டாம்.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலை என் தரவில் பயிற்சி கொடுத்தேன். நோட்புக்கில் அருமையாக வேலை செய்கிறது. செயலியில் போட்டால் சொற்கள் தப்பாக வருகின்றன. கொஞ்சம் நீளமான பதிவுகளில் கடைசி வாக்கியமே காணாமல் போகிறது. மாடலைப் பெரிதாக்கலாமா?

ஒன்றரைப் பக்கக் கடிதம். ஜி.பி.யு. பெயர், கற்றல் வேகம், எத்தனை சுற்று ஓட்டினார் என்பதெல்லாம் இருக்கிறது. சாம்பிளிங் ரேட் எங்கேயும் இல்லை. ஒலியைப் பற்றிக் கேட்கிறவர்கள் முதல் வரியிலேயே சாம்பிளிங் ரேட்டை எழுதுங்கள் என்று இந்தப் பகுதியில் பல தடவை கேட்டுவிட்டேன். இன்னொரு தடவையும் கேட்கிறேன்.

நல்லவேளையாக அவர் செயலியின் கோடில் நாலு வரியை ஒட்டியிருந்தார். காரணம் அதிலேயே இருந்தது. கோப்பை `librosa.load(path)` என்று மட்டும் திறக்கிறார். `sr` எதுவும் சொல்லாவிட்டால், கோப்பு எந்த ரேட்டில் இருந்தாலும் `librosa` அதை 22050-க்கு மாற்றித்தான் கையில் கொடுக்கும். அடுத்த வரியில் அந்த அணியை 16000 என்று எழுதி விஸ்பருக்கு அனுப்புகிறார். பயிற்சியின்போது தரவுத்தொகுப்பு சரியாக 16000-க்கு மாற்றப்பட்டிருந்தது. நோட்புக் நன்றாக ஓடியது அதனால்தான்.

விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விநாடிக்கு 22050 எண்கள் இருக்கின்றன. மாடல் 16000 எண்ணை ஒரு விநாடி என்று நம்புகிறது. பேச்சு சுமார் 1.4 மடங்கு மெதுவாகிறது, அதிர்வெண் எல்லாம் அதே அளவு கீழே இறங்குகிறது. 220 ஹெர்ட்ஸில் பேசும் பெண்குரல் 160-க்கு வந்துவிடும். உயிரெழுத்துகளை அடையாளம் காட்டும் ஃபார்மன்ட்களும் கூடவே இறங்கும். சுருதி குறைவதைவிட இதுதான் பெரிய சேதம், ஏனென்றால் பெரும்பாலான மனிதக் குரல்களில் இல்லாத இடத்தில் அவை போய் உட்காருகின்றன. ஓரளவு தாங்கிக்கொள்ளும் மாடல் என்பதால் பாதிச் சொல் சரியாகவும் பாதி தப்பாகவும் வருகிறது. முழுக்கக் குப்பையாக வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்.

சரி, கடைசி வாக்கியம் எங்கே போனது? விஸ்பர் எதையும் 30 விநாடிக்கு நிரப்பும், அல்லது 30 விநாடியில் வெட்டும். அதாவது 4,80,000 சாம்பிள். இவர் கையில் இருக்கும் அணியில் அத்தனை சாம்பிளுக்குள் அடங்குவது 22 விநாடிக்கும் குறைவான பேச்சு. 28 விநாடிப் பதிவு என்றால் கடைசி ஆறு விநாடி மாடலுக்குப் போகவே இல்லை. மாடலை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது திரும்பி வராது.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. எவ்வளவு தப்பான ஒலியைக் கொடுத்தாலும் வெளியே வரும் லாக்-மெல்லின் வடிவம் மாறாது. 80 வரிசை, 3000 பிரேம். வடிவம் சரியாக இருக்கிறது என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே தவறு இரண்டு மாதம் இருந்தது. அத்தனை நாளும் மாடல் கட்டமைப்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியது இரண்டு வரி:

```python
audio, sr = librosa.load(path, sr=16000)
x = extractor(audio, sampling_rate=sr, return_tensors="pt")
```

`sampling_rate` இடத்தில் 16000 என்று கையால் எழுதாதீர்கள். `sr` என்ற மாறியையே கொடுங்கள். ரேட் பொருந்தாவிட்டால், ஒலியை லாக்-மெல்லாக மாற்றும் அந்த எக்ஸ்ட்ராக்டரே பிழை காட்டி நின்றுவிடும். நீங்கள் எண்ணைக் கையால் எழுதும்போது அந்த ஒரே காவலையும் கழற்றிவிடுகிறீர்கள்.

அப்புறம், எக்ஸ்ட்ராக்டருக்குப் போகும் அதே அணியை ஒரு கோப்பாக எழுதிக் காதால் கேளுங்கள்:

```python
import soundfile as sf
sf.write("check.wav", audio, 16000)
```

குரல் இழுவையாக, கனமாகக் கேட்டால் இந்தத் தவறுதான். குரல் சரியாக இருந்தும் முடிவு தப்பென்றால் `audio.min()`, `audio.max()` இரண்டையும் அச்சிடுங்கள். விஸ்பர் எதிர்பார்ப்பது மைனஸ் 1-க்கும் 1-க்கும் இடையில். கால்டி என்ற பேச்சறிதல் கருவித்தொகுப்பின் வழி வந்த கருவிகள் பலவும் 32768 வரை போகும் எண்களை எதிர்பார்க்கும். இதில் மாற்றிக் கொடுத்தால், இயற்கை லாக் எடுக்கும் அமைப்பில் ஒவ்வொரு எண்ணும் சுமார் 21 கூடும் அல்லது குறையும். படத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வரைகிற கருவி நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். சராசரியைக் கழித்துவிடும் அமைப்பில் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வீர்கள். கழிக்காத அமைப்பில் மாடல் பார்த்தே இராத எண்களைப் பார்க்கும்.

எங்களிடம் இருப்பது 8 கிலோஹெர்ட்ஸ் தொலைபேசிப் பதிவு. 16-க்கு உயர்த்தினால் தரம் கூடுமா?

கூடாது. மாடல் 16 கேட்கிறது என்பதால் உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே புதிதாக எதுவும் வராது. ஸ்பெக்ட்ரோகிராமில் 4000-இல் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடும், அதற்கு மேல் ஒரே இருட்டும் தெரியும். 'ழ'வுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அதன் அடையாளமான மூன்றாம் ஃபார்மன்ட் கீழே இறங்குவதெல்லாம் தொலைபேசி எல்லைக்குள்ளேயே நடக்கிறது. அடிபடுவது 'பசி'யில் வரும் 'சி' போன்ற சீறல் ஒலி. அதன் வலு பெரும்பாலும் 4000-க்கு மேலேதான் இருக்கிறது.

'16 கிலோஹெர்ட்ஸ்' என்று லேபிள் ஒட்டி வந்த ஒரு தொகுப்பைத் திறந்து பார்த்து, பாதிக் கோப்புகளில் அந்தக் கோட்டைக் கண்டவன் நான். கோப்பின் தலைப்பு விவரத்தை நம்பாதீர்கள். பத்துக் கோப்பை எடுத்துப் படம் போட்டுப் பாருங்கள். உங்கள் பயனர்கள் தொலைபேசியில்தான் பேசப்போகிறார்கள் என்றால், பயிற்சித் தரவின் ஒரு பகுதியை 8-க்கு இறக்கி மறுபடி 16-க்கு ஏற்றிக் கலந்து கொடுங்கள். அது பலன் தரும்.

80 மெல் ஃபில்டருக்குப் பதில் 128 போட்டேன். 'சில ஃபில்டர்கள் முழுக்கப் பூஜ்யம்' என்று `torchaudio` எச்சரிக்கிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 400 புள்ளி எஃப்.எஃப்.டி.யில் 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி என்று மேலே சொன்னேன். மெல் அளவுகோல் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஃபில்டர்களை நெருக்கமாக அடுக்கும். `torchaudio` தானாக எடுத்துக்கொள்ளும் சூத்திரத்தில் 128 ஃபில்டரை 8000 வரை பரப்பினால், அடியில் இருக்கும் முக்கோணங்களின் மொத்த அகலமே 28 ஹெர்ட்ஸ் அளவுதான். இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்த முக்கோணத்துக்குள் ஒன்றும் சிக்காது. 80 போட்டால் அகலம் 45 ஆகிறது, ஒரு புள்ளியாவது உள்ளே வந்துவிடும்.

'விஸ்பரின் large-v3 அதே 400-ஐ வைத்துக்கொண்டு 128 போடுகிறதே' என்று அடுத்த கடிதம் வரும். அது ஸ்லேனி அளவுகோல். 1000 ஹெர்ட்ஸ் வரை ஃபில்டர்களைச் சம இடைவெளியில் வைக்கிறது, அடியில் அகலம் 47 வருகிறது. ஒரே 'மெல்' என்ற பெயரில் இரண்டு சூத்திரம் புழங்குகிறது. `librosa` தானாக எடுப்பது ஸ்லேனி, `torchaudio` தானாக எடுப்பது `htk`. பயிற்சிக்கு ஒன்று, செயலிக்கு இன்னொன்று என்று வைத்திருந்தால், மேலே உள்ள நீளமான பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

லாக்-மெல்லில் இருந்து ஒலியைத் திரும்ப எடுக்க முடியுமா?

அப்படியே முடியாது. அலையின் ஃபேஸ் விவரம் போய்விட்டது, மெல் ஃபில்டர் நுண்விவரத்தையும் கலந்துவிட்டது. ஃபேஸை ஊகித்து நிரப்பும் கிரிஃபின்-லிம் முறையைப் போட்டால் உலோகக் குழாயில் பேசுவது போல ஒன்று கிடைக்கும். அதுவே பேச்சு புரிகிறதா என்று சோதிக்கப் போதும். நல்ல குரல் வேண்டுமென்றால், லாக்-மெல்லில் இருந்து ஒலியை உருவாக்கப் பழக்கிய வோக்கோடர் மாடல் தேவை.

பயிற்சி நடுவில் இழப்பு NaN ஆகிறது. சில கோப்புகளில் மட்டும்தான்.

அந்தக் கோப்புகளில் மைக்கை அணைத்த இடம் இருக்கும். அங்கே எல்லாம் சுத்தமான பூஜ்யம், பூஜ்யத்தின் லாக் மைனஸ் முடிவிலி. லாக் எடுப்பதற்கு முன் ஒரு தரைமட்டம் வையுங்கள். விஸ்பர் வைப்பது `1e-10`. முழுக்கப் பூஜ்யமாகவே இருக்கும் கோப்பு என்றால் நீக்கிவிடுங்கள்.