ஆறு கடைக்கு நடுவில் ஏழாவது கடையா?

"தெருவில் ஏற்கனவே ஆறு தையல் கடை இருக்கிறது. ஏழாவதாக என் மகள் போய் என்ன செய்வாள்?" என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் கடைகளை எண்ணுவதை விட, அந்தக் கடைகளுக்குத் திரும்பி வரும் துணிகளை எண்ணினால்தான் பதில் கிடைக்கும்.

மகளை ஒரு மாதம் ஏதாவது ஒரு கடையில் உதவிக்குப் போகச் சொல்லுங்கள். "சரியில்லை" என்று திரும்பி வரும் ஒவ்வொரு துணிக்கும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும்: எந்த இடத்தில் குறை, எத்தனாவது தடவை வருகிறது. இடுப்பு லூஸ், கை நீளம் போன்றவை ஒரு தடவை பிரித்துத் தைத்தால் முடிந்துவிடும், அதில் தொழில் கிடையாது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தும் சரியாகாமல் வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போகிறாரே, அந்த வரியைத்தான் நாம் தேடுகிறோம்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் இப்படித்தான் எழுதினாள். முதலில் அவளுக்கு எம்பிராய்டரி மேல்தான் ஆசை. போட்டோவில் அழகாகத் தெரிவதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அவள் நோட்டிலோ கிட்டத்தட்ட பாதி வரிகளில் ஒரே புகார்: பெண்களின் மேல்சட்டையில் தோள் சரியாக இருந்தால் மார்பு பிடிக்கிறது, மார்பைத் தளர்த்தித் தைத்தால் கழுத்து நழுவுகிறது.

காரணம் எளிது. பெரும்பாலான கடைகளில் மார்புச் சுற்றளவு ஒன்றை வைத்தே மொத்தச் சட்டையையும் வெட்டுகிறார்கள். அக்குளுக்கு நேராக, மார்புக்கு மேலே ஓர் அளவும், மார்பின் முழு இடத்தில் ஓர் அளவும் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் 2 அங்குலம் வரை என்றால் வழக்கமான பேட்டர்ன் பொருந்திவிடும். 4 அங்குலம் இருக்கும் ஒருவருக்குப் பெரிய அளவை வைத்து வெட்டினால் தோளும் கழுத்தும் சேர்ந்தே பெரிதாகிவிடும். மேல் அளவை வைத்து வெட்டி, முன்பக்கத் துண்டை மட்டும் அகலத்திலும் நீளத்திலும் விரித்து, மார்புக்கு வடிவம் கொடுக்க மடித்துத் தைக்கும் டார்ட்டை ஆழமாக்க வேண்டும். முதுகுத் துண்டைத் தொடவே கூடாது.

கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மார்பிலிருந்து கைக்குழி நோக்கிச் சாய்வாக மடிப்பு விழும், கைக்குழி வாய் பிளந்து நிற்கும், சட்டையின் முன்விளிம்பு பின்விளிம்பை விட மேலே ஏறியிருக்கும். பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்தினால் இது போகாது, பற்றாக்குறை முன்பக்கத்தில் மட்டும்தானே. வாடிக்கையாளர் கொடுக்கும் அளவுச் சட்டையும் உதவாது. அதிலிருக்கும் அதே குறைதான் புதுச் சட்டைக்கும் வரும்.

அவள் இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். முதல் தடவை வருபவருக்குக் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, திருத்தங்களைக் காகிதப் பேட்டர்னில் ஏற்றி, பெயரும் தேதியும் எழுதி வைத்துக்கொள்கிறாள். முதல் சட்டைக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது, அந்தக் கூலியில் மிச்சம் ஒன்றுமில்லை. அதே ஆளின் இரண்டாவது சட்டைக்கு மாதிரி வேண்டாம், பேட்டர்ன் தயாராக இருக்கிறது, பாதி நேரம் போதும். லாபம் அங்கேதான் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு மேல் பழைய பேட்டர்ன் என்றால் மறுபடி அளவெடுப்பாள். உடம்பு மாறியிருந்தால் பழைய காகிதத்தை நம்பி வெட்டிய துணி வீண்.

போர்டு வைத்ததில் ஒரு சறுக்கல். "பெரிய சைஸ் ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதியிருந்தாள். யாரும் அந்தப் போர்டுக்குக் கீழே நுழைய விரும்பவில்லை, யார்தான் விரும்புவார்கள்? "தோளும் மார்பும் ஒருசேரப் பொருந்தும்" என்று மாற்றிய பிறகுதான் ஆள் வந்தது. உண்மையில் இந்தப் பிரச்சினை ஒல்லியானவர்களுக்கும் உண்டு.

உங்கள் மகளின் நோட்டில் வேறு புகார் வரலாம், அப்படி வந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். கடைக்கு அட்வான்ஸ் மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். வீட்டிலேயே பத்து பேருக்குத் தைக்கட்டும். மூன்று மாதத்துக்குள் அதில் எத்தனை பேர் அடுத்த துணியோடு வருகிறார்கள் என்று பாருங்கள். பாதிப் பேராவது வந்தால் இடம் தேடலாம். இரண்டு மூன்று பேர்தான் என்றால், வராதவர்களிடம் போனில் கேளுங்கள்: பொருத்தம் சரியில்லையா, இல்லை சொன்ன தேதிக்குக் கைக்கு வரவில்லையா? தேதிதான் காரணம் என்றால், எடுத்த வேலையை மாற்றத் தேவையில்லை, ஒரே வாரத்தில் ஏற்கும் முதல் சட்டைகளைக் குறைத்தால் போதும்.