குண்டு மிளகாயும் வெளிநாட்டு விருந்தினரும்

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் மிளகாயைச் சுவைத்துப் பார்க்கக் கேட்கிறார்கள். என்ன சொல்லிக் கொடுப்பது?

மிளகாயைக் கடைசியில் வையுங்கள். நாக்கு எரிந்துவிட்டால் மற்றது எதுவும் தெரியாது. முதலில் கறிவேப்பிலையைக் கசக்கி முகரச் சொல்லுங்கள், அப்புறம் கொத்தமல்லி விதை. கல்பாசியைக் காட்டினால், அது இங்கே விளைவதில்லை, மலைப்பக்கத்து மரப்பட்டையில் வளர்வது என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

செடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட விடாதீர்கள், மருந்து அடித்திருக்கலாம். கழுவிக் காயவைத்த குண்டு மிளகாய் ஒன்றைப் பிளந்து காட்டி இப்படிச் சொல்லலாம்:

"காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் இந்த வெளிறிய நரம்பில்தான் அதிகம். நரம்பை எடுத்துவிட்டு, தோலில் அரிசி அளவு மட்டும் தருகிறேன். வயிற்றுப் புண், ஆஸ்துமா, ஒவ்வாமை இருப்பவர்கள் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம். தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள்."

எரிந்தால் உடனே தண்ணீர் கொடுப்போம், அதுதான் தப்பு. காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, எரிச்சல் வாய் முழுக்கப் பரவும். பால் அல்லது கெட்டித் தயிர் கொடுங்கள், பாலிலுள்ள புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துவிடும். மோர் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்தது மட்டுமே, இல்லாவிட்டால் நாக்கு தப்பித்தாலும் வயிறு கெட்டுவிடும். கையைக் கழுவ, முதலில் எண்ணெய் தேய்த்து அப்புறம் சோப்பு. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் அதை வெறும் காரம் என்று விட்டுவிடாதீர்கள், ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே 108-க்கு அழையுங்கள்.